டையிங்குக்கு போன துணி, திரும்பி வந்த துணி - லாட் கணக்கு பத்தி

செந்தில் அண்ணா, வணக்கம்ங்க.

நான் கார்த்தி, பி.என். ரோடு பக்கம்தாங்க இருக்கேன். முன்ன ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல டிசி போட்டுட்டு இருந்தேன், இப்போ நானும் கூட்டாளி ஒருத்தரும் சேர்ந்து ஜாப் ஒர்க் டிசிக்குனு மட்டும் ஒரு சின்ன சாப்ட்வேர் பண்ணி குடுத்துட்டு இருக்கோம். உங்க யூனிட்ல டிசி எழுத ஆள் வேணும்னு பேஸ்புக்ல போட்டிருந்தீங்க, அத பாத்துட்டுதான் இந்த மெயில்.

சாப்ட்வேர்னு படிச்சதுமே "இதெல்லாம் ஏற்கனவே வாங்கி பாத்தாச்சுப்பா, நம்ம ஆளுங்க யாரு உக்காந்து டைப் பண்றது"னு நெனச்சிருப்பீங்க. நான் பாத்த யூனிட்ல பாதி பேருக்கு மேல இதத்தான் சொல்றாங்க, அதுல தப்பே இல்லீங்க. வாங்குன புதுசுல நோட்டுலயும் எழுதுவாங்க கம்ப்யூட்டர்லயும் ஏத்துவாங்க, ஷிப்மென்ட் நெருக்கடி வந்ததும் ஒரே வேலைய ரெண்டு தடவ செய்ய யாருக்கும் நேரம் இருக்காது, நோட்டு மட்டும்தான் நிக்கும், கம்ப்யூட்டர்ல பாதி லாட் இருக்கும் பாதி இருக்காது, அப்புறம் அத நம்பி யாரும் கணக்கு பாக்க மாட்டாங்க. ஆளுங்கள சோம்பேறின்னு சொல்றதுல அர்த்தமே இல்லீங்க.

அதனால நாங்க கட்டிங், பவர்டேபிள், பீஸ் ரேட், செக்கிங் எதையும் தொடறதில்ல. தளத்துல இருக்கறவங்க ஒரு எழுத்துகூட டைப் பண்ண வேண்டாம். ஆபீஸ்ல டிசி எழுதறவங்க கையால எழுதறதுக்கு பதிலா லாட் நம்பர், பார்ட்டி, ரோல், கிலோ இவ்வளவுதான் போடுவாங்க, டிசி அதுலயே பிரிண்ட் ஆகிரும், தனியா நோட்டு வேண்டாம். துணி திரும்பி வரும்போது எடை போட்டு அதே லாட்ல ஏத்துனா முடிஞ்சுது. கரண்ட் போனா கை டிசி புக் இருக்கவே இருக்கு, அப்புறமா ஏத்திக்கலாம்.

ஆள் தேடறத நிறுத்திராதீங்க, எங்கள வெச்சாலும் டிசி போட ஒரு ஆள் வேணும்ங்க. அந்த ஆள் நாளைக்கு லீவு போட்டாலும் எந்த லாட் எங்க நிக்குதுனு உங்க போன்லயே தெரியும், அதான் வித்தியாசம்.

ஒரு கணக்கு பாருங்க. 500 கிலோ கிரே துணி டையிங்குக்கு போகுது, 478 கிலோ வருது. 22 கிலோ குறையுது, அதாவது 4.4 சதவீதம். 4 சதவீதம் லாஸ்தான்னு பேசியிருந்தா 20 கிலோவோட நிக்கணும், மீதி 2 கிலோ கேள்வி. ஷேடுக்கு ஷேடு லாஸ் மாறும்ங்கறது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஒரு லாட்டுக்கு 2 கிலோவுக்காக டையிங்காரர்கிட்ட போய் சண்டை போடவும் முடியாது. ஆனா ஒரே பார்ட்டிகிட்ட லாட்டுக்கு லாட் இப்படியே வந்தா பில் செட்டில் பண்றதுக்கு முன்னாடி பேசலாம் இல்லீங்களா? நோட்டுல அது பத்து பக்கத்துல சிதறி கெடக்கும்.

இன்னொன்னு உங்க ஆடிட்டர் கேக்கற ஐடிசி-04. டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேலன்னா ஆறு மாசத்துக்கு ஒருக்க போடணும், ஏப்ரல் டு செப்டம்பர் கணக்குக்கு அக்டோபர் 25 கடைசி. ஜாப் ஒர்க்குக்கு போன துணி 1 வருஷத்துக்குள்ள திரும்பலன்னா அனுப்புன அன்னைக்கே வித்த மாதிரி ஜிஎஸ்டில எடுத்துக்குவாங்க. டிசி எல்லாம் ஒரே எடத்துல இருந்தா அந்த லிஸ்ட் தானா வந்துரும், ராத்திரி உக்காந்து பழைய டிசி புக்க பொரட்ட வேண்டாம்.

மாசம் 1,500 ரூபாய்ங்க, வருஷக் கட்டணம்னு மொத்தமா வாங்கறதில்ல. மாசத்துக்கு நாலஞ்சு லாட்தான் வெளிய போகுதுன்னா உங்களுக்கு நோட்டே போதும், இதுக்கு காசு குடுக்காதீங்க.

டெமோவுக்கு வரட்டான்னு இப்ப கேக்கலீங்க. போன மாசம் முடிஞ்ச ஏதாவது மூணு லாட்டோட டிசி மட்டும், அனுப்புனதும் வந்ததும், போட்டோ எடுத்து இந்த மெயிலுக்கே அனுப்புங்க. ரேட்டையும் பார்ட்டி பேரையும் மறைச்சுக்கோங்க, அது எனக்கு தேவையில்ல. லாட் வாரியா லாஸ் போட்டு ஒரே பக்கத்துல திருப்பி அனுப்பறேன், அதுக்கு காசு இல்ல. பாத்துட்டு இது நமக்கே தெரிஞ்சதுதானேன்னு தோணுச்சுன்னா விட்ருங்க, நான் போன் போட்டு தொந்தரவு பண்ண மாட்டேன். உபயோகமா இருந்தா செவ்வாய் புதன்ல எப்போ வரலாம்னு சொல்லுங்க, சனிக்கிழமை சம்பள நாள், அன்னைக்கு வர மாட்டேன்.

நன்றிங்ணா,
கார்த்தி