நம் பார்க்கிங்கில் நான்கு சார்ஜர்கள்: மின் அளவும் மாதக் கணக்கும்

பெறுநர்: இரு இயக்குநர்கள், அலுவலக நண்பர்கள் 14 பேர்
அனுப்புவது: கட்டடப் பராமரிப்புப் பொறுப்பு, உம்கேனி ரோடு அலுவலகம், டர்பன்
தேதி: 9 மார்ச் 2026

போன மாதம் சமையலறை சுவரில் பழுப்பாகக் கருகிய பிளக் பாயிண்டை எல்லோரும் பார்த்தீர்கள். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, மூணு பின் பிளக்கில் ஒரு காரை ஆறு மணி நேரம் சார்ஜ் போட்டதன் விளைவு அது. போட்டவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. அவரே மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார். 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அந்த பிளக் கெட்டிலுக்குப் போதும், அயர்ன் பாக்ஸுக்குப் போதும். மணிக்கணக்கில் முழு மூச்சாக மின்சாரம் இழுத்தால், உள்ளே கொஞ்சம் தளர்ந்த ஒரு இணைப்பே சூடாகி உருகப் போதுமானது. அன்றிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரில் கார் சார்ஜ் செய்வது நிறுத்தப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

இப்போது மின்சார கார் வைத்திருப்பவர்கள் நான்கு பேர். இன்னும் இருவர் இந்த வருஷம் வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். நான்கு சார்ஜர் போடலாம் என்று முன்வைக்கிறேன். ஆறு கார் வந்தாலும் நான்கு போதும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நம்மிடம் எவ்வளவு மின்சாரம் மிச்சம்?

கட்டடத்துக்கு மூன்று பேஸ் இணைப்பு, மெயின் பிரேக்கர் 80 ஆம்பியர். பிப்ரவரி 9 முதல் 20 வரை டிபி போர்டில் கிளாம்ப் மாட்டி அளந்தேன். டர்பன் பிப்ரவரி எப்படி இருக்கும் என்று தெரியும். ஏசி எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருந்தது, அதனால் நம் மோசமான நிலைமை இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். உச்சம் எட்டியது ஒரு மதியம் 2.20க்கு. முதல் பேஸில் 46, இரண்டாவதில் 58, மூன்றாவதில் 39 ஆம்பியர். இரவில் எந்த பேஸும் 8ஐத் தாண்டவில்லை.

80 இருக்கிறதே என்று 80 வரை போகக் கூடாது. 72ஐ எல்லையாக வைக்கிறேன். அப்படியானால் அந்த 2.20 மணிக்கு மிச்சம் இருப்பது முதல் பேஸில் 26, இரண்டாவதில் 14, மூன்றாவதில் 33. ஒரு சார்ஜர் முழு வேகத்தில் 32 ஆம்பியர் எடுக்கும். இரண்டாவது பேஸில் ஒரே ஒரு காரை அப்படி விட்டாலே 90 ஆகிவிடும், பிரேக்கர் விழுந்து கட்டடம் முழுக்க இருட்டாகலாம். கம்ப்யூட்டரில் சேமிக்காமல் வேலை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நம் நான்கு கார்களில் மூன்று ஒற்றை பேஸில்தான் சார்ஜ் ஆகும். சார்ஜருக்கு மூன்று பேஸும் வந்தாலும், கார் எடுத்துக்கொள்வது முதல் கம்பியில் வருவதை மட்டும்தான். எலக்ட்ரீஷியன் நான்கு சார்ஜரையும் ஒரே மாதிரி இணைத்துவிட்டுப் போனால் அந்த மூன்று காரும் முதல் பேஸில் தொங்கும், மற்ற இரண்டு பேஸும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். மதிய உச்சத்தில் அந்த மூன்றுக்கும் சேர்த்து 26 ஆம்பியர், அதாவது 6 கிலோவாட்தான் கிடைக்கும். அதனால் கம்பிகளை மாற்றி இணைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் சார்ஜரின் முதல் கம்பி முதல் பேஸ், இரண்டாவதுக்கு இரண்டாவது பேஸ், மூன்றுக்கும் நான்குக்கும் மூன்றாவது பேஸ். அதே மதியம் 2.20க்கு இப்போது 16 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்கிறது. கூடுதல் செலவு ஒரு ராண்டும் இல்லை. ஆனால் எந்த சார்ஜரில் எந்த பேஸ் என்பதை, கார்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கன்ட்ரோலரிலும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அது ஒரு பேஸைப் பார்த்துவிட்டு வேறொரு பேஸைக் குறைக்கும்.

கன்ட்ரோலர் செய்வது இதுதான்: மெயின் கேபிளில் மாட்டிய சென்சார்கள் வழியாக கட்டடம் எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 72இலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தை அந்த பேஸில் உள்ள கார்களுக்குச் சமமாகப் பிரிக்கும். ஒரு காருக்கு 6 ஆம்பியருக்குக் கீழே கொடுக்க முடியாது, சார்ஜிங் தரநிலையிலேயே அதுதான் குறைந்தபட்சம். அதற்கும் கீழே போக வேண்டி வந்தால் ஒரு கார் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும். சென்சாரோடு தொடர்பு அறுந்துவிட்டால் எல்லா சார்ஜரும் 6 ஆம்பியருக்கு இறங்கிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். உச்ச நேரத்தில் அப்படி நடந்தாலும் இரண்டாவது பேஸ் 70ஐத் தாண்டாது, பயமில்லை.

இரண்டாவது பேஸ் ஏன் இவ்வளவு கனம் என்று தேடியபோது கீசர் அகப்பட்டது. மதியம் பாத்திரம் கழுவிய பிறகு அது மறுபடி சூடாக்க ஆரம்பிக்கிறது. அதற்கு ஒரு டைமர் போட்டு விடியற்காலைக்குத் தள்ளுகிறேன்.

அவ்வளவு மெதுவாக ஏறினால் போதுமா?

போதும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், உம்ஷ்லாங்காவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு நாளைக்கு முறையே 8, 8, 6 யூனிட் போதும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வரும் அண்ணனுக்குப் போக வர 160 கிலோமீட்டர். பாதியை வீட்டில் ஏற்றிக்கொள்கிறார், இங்கே 18 யூனிட் கேட்கிறார். மொத்தம் 40. மோசமான மதிய வேகத்தில், மெதுவான இரண்டாவது சார்ஜரிலேயே அந்த 18 யூனிட்டை ஏற்றினாலும் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நாம் உட்கார்ந்திருப்பதோ எட்டு மணி நேரம். நமக்குக் குறைவது மின்சாரம் இல்லை, மதியம் இரண்டு மணிக்கு உள்ள ஆம்பியர்தான். ஆறு கார் வந்தாலும் காலை ஒரு குழு, மதிய உணவுக்குப் பிறகு ஒரு குழு என்று வண்டி மாற்றினால் சரியாகிவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வண்டிக்கு மட்டும் காலையில் இடம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து. அவருக்கு வழியில் தீர்ந்தால் ஹில்க்ரெஸ்ட் ஏற்றத்தில் நிற்க வேண்டியதுதான்.

பணம்

முதலில் ரிசப்ஷன் அக்கா கேட்ட கேள்வி. "நான் மினிபஸ் டாக்சியில வர்றேன். கார் வாங்க முடிஞ்சவங்களுக்கு ஆபீஸ் ஏன் கரண்ட் குடுக்கணும்?" நியாயமான கேள்வி. அதனால்தான் இலவசம் என்ற பேச்சே இந்தத் திட்டத்தில் இல்லை. சார்ஜர், கேபிள், வேலை எல்லாம் சேர்த்து கொட்டேஷன் 1,18,000 ராண்ட். இதில் பாதியைக் கட்டட உரிமையாளர் தருகிறார், அவர் சொத்துக்குத்தானே மதிப்புக் கூடுகிறது. மறுபாதி அலுவலகம். மின்சாரச் செலவை மட்டும் பயன்படுத்துபவர்கள் முழுமையாகக் கொடுக்க வேண்டும். அதே அளவு தொகையை மற்றவர்களின் பயணப்படிக்கு ஒதுக்கலாமா என்று அக்கா கேட்டதை இயக்குநர்களிடம் விட்டுவிடுகிறேன். நான் அதற்கு ஆதரவு.

எப்படி வசூலிப்பது? நேரத்துக்கு இவ்வளவு என்று சிலர் சொன்னார்கள். நம் இடத்தில் அது அநியாயம். ஏசி ஓடும் மதியத்தில் இரண்டாவது சார்ஜரில் நிற்பவருக்கு 14 ஆம்பியர் கிடைக்கும், முதல் சார்ஜரில் நிற்பவருக்கு 26. இருவருக்கும் ஒரே மணிக்கட்டணம் என்றால், பாதி சோற்றுக்கு முழுச் சாப்பாட்டுக் காசு வாங்குவதுபோல் ஆகும். மாதச் சந்தாவும் வேண்டாம். 6 யூனிட் எடுப்பவர் 18 யூனிட் எடுப்பவருக்குப் படியளக்க வேண்டியதில்லை. எனவே யூனிட் கணக்குதான். ஒவ்வொரு சார்ஜரிலும் சான்று பெற்ற மீட்டர் இருக்கும், ஆளுக்கு ஒரு அட்டை. அட்டை காட்டினால்தான் தொடங்கும், அந்த யூனிட் அவர் பெயரில் ஏறும்.

விலை: நம் கடைசி மூன்று பில்களின் சராசரி, வாட் வரி சேர்த்து, யூனிட்டுக்கு 3.20 ராண்ட். இதோடு 20 சென்ட். கேபிளில் போகும் இழப்பு, சும்மா இருக்கும்போது சார்ஜர் குடிப்பது, சிம் கார்டு இதற்கெல்லாம் அது. ஆக 3.40. இதில் லாபம் வைக்கக் கூடாது என்று எழுத்தில் போடுகிறேன். நாம் மின்சாரம் விற்கும் வியாபாரம் செய்யவில்லை, செலவைப் பகிர்கிறோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணனுக்கு 21 வேலை நாளில் 378 யூனிட், மாதம் 1,285 ராண்ட் 20 சென்ட் வரும். உம்ஷ்லாங்கா வண்டிக்கு 126 யூனிட், 428 ராண்ட் 40 சென்ட். ஜூலை 1 அன்று நகராட்சிக் கட்டணம் மாறும்போது நம் விலையும் மாறும், புதிய பில்லின் நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன்.

தொகை சம்பளத்தில் பிடிக்கப்படும். அதற்கு உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அலுவலகம் ஒரு சென்ட்கூடப் பிடிக்க முடியாது, வேலை நிபந்தனைகள் சட்டம் அப்படி. படிவம் கணக்குப் பிரிவில் இருக்கிறது. இன்னொன்று: அட்டைப் பதிவில் யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பதும் தெரிந்துவிடும். அதைப் பில்லுக்கு மட்டுமே பயன்படுத்துவோம், வருகைப் பதிவுக்கு எடுக்க மாட்டோம். மேலாளர்கள் கேட்டாலும் தர மாட்டேன்.

மாதக் கடைசி வேலை நாளில் நான்கு மீட்டரையும் போட்டோ எடுப்பேன். பார்க்கிங் துணை போர்டில் உள்ள மீட்டரோடு கூட்டுத்தொகையை ஒப்பிட்டு, நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தெரியும் வரை அந்த மாதப் பில் போகாது. விருந்தினர் அட்டை ரிசப்ஷனில் இருக்கும், செலவு அலுவலகத்துக்கு.

பொருத்தும்போது

2022 ஏப்ரல் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் பார்க்கிங் ஆற்றுப் பக்கம் சரிவு, அதனால் சார்ஜர்கள் மேட்டுப் பக்கச் சுவரில், தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில். துணை போர்டு அதற்கும் மேலே. கடல் காற்று உப்புக்கு ஸ்டீல் திருகு ஒரு வருஷம் தாங்காது, ஸ்டெயின்லெஸ்தான் போட வேண்டும். டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு ஒவ்வொரு சார்ஜரிலும் கட்டாயம். சாதாரண எர்த் லீக்கேஜ் அதைப் பிடிக்காது. மின்தடை முடிந்து கரண்ட் திரும்பும்போது கார்கள் ஏசியோடு சேர்ந்து ஒரே நொடியில் பாயாமல், ஒவ்வொன்றாகத் தாமதித்துத் தொடங்கும். இன்வெர்ட்டர் வரிசையில் சார்ஜர்களைச் சேர்க்கவே கூடாது. வேலை முடிந்ததும், மின்வேலை விதிப்படி இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் கையெழுத்திட்டுத் தரும் சிஓசி சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை.

குட் ஃப்ரைடே மாரியம்மன் திருவிழாவுக்கு மவுண்ட் எட்ஜ்கம்ப் போகிறவர்கள் பலர் என்பதால் அந்த வாரத்தைத் தவிர்த்திருக்கிறேன். ஏப்ரல் 18 சனிக்கிழமை காலை 7 முதல் மதியம் 1 வரை கட்டடத்தில் கரண்ட் இருக்காது. சர்வரை வெள்ளி மாலையே நிறுத்திவிடுவோம். ஃப்ரிட்ஜில் மீன் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு எடுத்துப் போகவும்.

ஒப்புதல் படிவம் மார்ச் 27க்குள் வேண்டும். படிவம் தந்தவர்களுக்கு மட்டும் அட்டை.