நாற்பத்தெட்டாவது செடி: ராமசாமியின் கேரக்டர் ஆர்க்
(குறும்படம், 14 நிமிடம். நடிகருக்கும் ஒளிப்பதிவாளருக்கும்)

ராமசாமி, 64 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் அரபிகா காபி. மனைவி பொன்னம்மாள் இறந்து ஆறு வருடமாகிறது. தோட்டத்தில் பாதிச் செடி பொன்னம்மாள் கையால் நட்டது.

தோட்டத்தில் போரர் விழுந்திருக்கிறது, அதாவது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். புழு தண்டுக்குள் சுரங்கம் போட்டுத் தின்னும். வெளியே தெரிவதெல்லாம் பட்டையில் மோதிரம் போட்டதுபோல் ஒரு மேடும், கொஞ்சம் பழுத்த இலையும்தான். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். அக்டோபரில் வண்டு வெளியே பறக்கத் தொடங்கிவிடும். கதை நடப்பது செப்டம்பரில், கிளை நிறையப் பச்சைக் காய் இருக்கும் நேரத்தில். பிடுங்கினால் இந்த வருட மகசூலும் சேர்ந்து போகும்.

தொடக்கத்தில் அவரை முட்டாளாகக் காட்டிவிடக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை. அவருக்குத் தொழில் தெரியும். தேங்காய் நாரால் ஒவ்வொரு தண்டையும் தேய்த்து, பட்டை இடுக்கில் இருக்கும் முட்டையை உதிர்த்துவிட்டவர். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கோவிந்தன் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றதால் நிழல் போய், வெயில் இறங்கித்தான் போரர் பெருகியது என்கிறார். அதுவும் உண்மைதான். வெயில் படும் செடியைத்தான் அந்த வண்டு தேடி வரும். அதனால் நான்காவது நிமிடத்தில் வரப்பில் நடக்கும் சண்டையில் ராமசாமியே ஜெயிக்கிறார். பார்ப்பவர்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும். பாதி நியாயம் கையில் இருப்பவனின் பிடிவாதம்தான் உடைவதற்குக் கஷ்டமானது.

மகள் கவிதா நோய் பிடித்த 47 செடிகளில் சிவப்பு ரிப்பன் கட்டுகிறாள். அவர் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். “தேய்ச்சு விட்ட செடிம்மா இது. எனக்குத் தெரியாதா?” இதைக் கோபமாகச் சொல்ல வேண்டாம். பிள்ளைக்குப் புரியவைக்கும் குரல் போதும்.

திருப்பம் யாருடைய அறிவுரையாலும் வரவில்லை. முதல் டிராப்டில் கவிதா ஒரு பக்கத்துக்குப் பேசினாள். முழுக்க நீக்கிவிட்டேன். இப்போது ராமசாமி விடியற்காலையில் கோவிந்தனின் தோட்டத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறார், தம்பி பொய் சொல்கிறான் என்று காட்டுவதற்கு. மூன்று வயது இளம் செடி ஒன்றின் தண்டைத் தடவுகிறார். விரல் நிற்கிறது. மேடு. அவர் வரப்பை ஒட்டிய முதல் வரிசை அது.

வீட்டுக்கு வந்து தன் செடி ஒன்றை அறுத்து, அரிவாளால் பிளக்கிறார். மாவாக அரைபட்ட மரத்தூள், நடுவில் வெளிறிய புழு. நார் போட்டுத் தேய்த்த அதே தண்டு. அவர் தேய்த்தபோதே புழு உள்ளே போயிருந்தது. இந்த இடத்தில் அழுகை வேண்டாம். காமிரா முகத்துக்கு வராது, பிளந்த தண்டின்மேல்தான் நிற்கும். அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் மண்வெட்டி. நாள் முழுக்கப் பிடுங்குகிறார், யாரையும் உதவிக்கு விடவில்லை. இங்கேதான் நான் சொல்ல நினைப்பது இருக்கிறது: அவருடைய பிடிவாதம் எங்கும் போகவில்லை. ரிப்பனை அவிழ்த்த அதே முரட்டு வேகம்தான் இப்போது வேரை அசைக்கிறது. குணம் மாறிய மனிதராக நடிக்காதீர்கள். அந்தப் பிடிவாதம் போகும் திசைதான் மாறியிருக்கிறது.

மாலை. 47-ம் முடிந்தது, கவிதா நெருப்பு மூட்டுகிறாள். ராமசாமி வாசலோரம் நிற்கும் செடியிடம் போகிறார். பொன்னம்மாள் நட்ட முதல் செடி. அதன் தண்டிலும் மேடு இருக்கிறது. கவிதா அதைப் பார்த்துவிட்டுத்தான் ரிப்பன் கட்டாமல் விட்டிருக்கிறாள், அவளால் முடியவில்லை. இருவரும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். அவர் பையிலிருந்து ஒரு ரிப்பனை எடுத்து, நாற்பத்தெட்டாவதாக அதில் தன் கையாலேயே கட்டுகிறார். அது பிடுங்கப்படுவதை நாம் காட்ட வேண்டியதில்லை.

கடைசிக் காட்சியில் கோவிந்தன் வரப்பில் வந்து நிற்கிறான். மன்னிப்பு கேட்கும் வசனம் எழுதிப் பார்த்தேன், அவர் வாயில் ஒட்டவில்லை. “நாளைக்கு உன் முத வரிசையப் பார்க்கணும். மம்பட்டி எடுத்துட்டு வரேன். இனிமே நிழல் மரத்துல கை வெக்காத.” இவ்வளவுதான் பேசுவார்.

அண்ணா, படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே மலைக்கு வந்துவிடுங்கள். தண்டைத் தடவி மேட்டைக் கண்டுபிடிக்க உங்கள் விரல் பழக வேண்டும். கேமராவுக்கு அந்த விரல் நிற்பது நிஜமாகத் தெரிய வேண்டும்.