பொருள்: நிதியியல் முதுநிலை விண்ணப்பத்திற்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டி

கிருஷ்ணகிரி
14.10.2025

மதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் 2022–25 பி.காம் வகுப்பு மாணவி சு. மணிமேகலை. நான்காம் பருவத்தில் தங்களிடம் பைனான்சியல் மேனேஜ்மெண்ட் படித்தேன். ஆறாம் பருவத் திட்டப்பணிக்கும் தாங்களே வழிகாட்டி. 2026 செப்டம்பரில் தொடங்கும் நிதியியல் முதுநிலைப் படிப்புக்கு எடின்பரோ, வாரிக் ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். இரண்டுக்கும் தங்கள் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பி.காம் மாணவர்கள் மீது இத்தகைய படிப்புகளில் எழும் முதல் ஐயம் கணிதத் திறன்தான். நம் பாடத்திட்டத்தில் நுண்கணிதம் கிடையாது. மதிப்பெண் பட்டியல் மட்டும் அந்த ஐயத்தைப் போக்காது. எண்களை நான் எப்படிக் கையாண்டேன் என்பதை நேரில் பார்த்தவர் தாங்கள். அதனால்தான் மற்றவர்களிடம் போகாமல் தங்களிடம் வருகிறேன்.

தொடர்புடைய பாடங்களும் மதிப்பெண்களும்: பைனான்சியல் மேனேஜ்மெண்ட் 88, பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் 91, காஸ்ட் அக்கவுண்டிங் 84, வருமான வரி 79. கார்ப்பரேட் அக்கவுண்டிங்கில் 61தான். பட்டியலில் அது தெரியும் என்பதால் முன்பே சொல்லிவிடுகிறேன். நுண்கணிதக் குறையை ஈடுகட்ட, வகையிடலும் நேரியல் இயற்கணிதமும் தனியே படித்து வருகிறேன்.

திட்டப்பணி 1: மாங்கூழ் ஆலையின் நடைமுறை மூலதனச் சுழற்சி. கிருஷ்ணகிரி அருகே ஓர் ஆலையின் இரண்டு ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டேன். விற்ற சரக்கின் அடக்கம் ஆண்டுக்கு 14.6 கோடி, அதாவது நாளுக்கு 4 லட்சம். மார்ச் 31 ஆரம்ப, இறுதி இருப்புகளின் சராசரி 2 கோடி என்பதால் சரக்கு 50 நாள் தங்குவதாக வந்தது. இது தவறு. மாம்பழம் சீசனில்தான் வருகிறது. கூழை 215 கிலோ டிரம்களில் அடைத்து ஆண்டு முழுவதும் விற்கிறார்கள். மார்ச் இறுதியில் கிடங்கு காலியாகும் நிலையில் இருக்கும், ஆகஸ்டில் 9.6 கோடிச் சரக்கு கிடக்கும். பன்னிரண்டு மாத இறுதி இருப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தபோது 5.2 கோடி, அதாவது 130 நாள். வரவேண்டிய பாக்கி 58 நாள், தரவேண்டியது 24 நாள். ஆக ரொக்கச் சுழற்சி 84 நாளிலிருந்து 164 நாளாகிறது. 80 நாள் வித்தியாசம் என்றால் 3.2 கோடி கூடுதல் மூலதனம். மார்ச் கணக்கை மட்டும் வைத்து வங்கி வரம்பு கேட்டால் விவசாயிக்குப் பணம் தரும் மாதத்திலேயே கை வறண்டுவிடும். என் முதல் வரைவைத் திருப்பி, "இந்த இருப்பு எந்த மாதத்து இருப்பு?" என்று ஓரத்தில் எழுதியது தாங்கள்தான். கடிதத்தில் ஒரே ஒரு செய்திக்குத்தான் இடம் என்றால், அது இந்தத் திருத்தமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

திட்டப்பணி 2: நிஃப்டி 50 தினசரி வருவாயில் 99 விழுக்காட்டு வேல்யூ அட் ரிஸ்க், 2018 முதல் 2022 வரை. 250 நாள் சாளரத்துடன் வரலாற்று முறையை எக்செலில் செய்தேன்:

```
=PERCENTILE.INC(B2:B251,0.01)
```

2020 மார்ச் 23 அன்று குறியீடு ஏறத்தாழ 13 விழுக்காடு விழுந்தது. அந்த மாதத்துப் பெருவீழ்ச்சி நாள்கள் சாளரத்தில் இருந்தவரை இழப்பு மதிப்பீடு உயரத்திலேயே நின்றது. 2021 மார்ச்சில் அவை வெளியேறியதும் சட்டெனக் குறைந்தது. சந்தை மாறியதால் அல்ல, சாளரம் நகர்ந்ததால். அதனால் 0.94 எடைக் காரணியுடன் அடுக்குக்குறிச் சராசரி முறையையும் ஒப்பிட்டேன்.

இரு அறிக்கைகள், எக்செல் கோப்புகள், மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கையின் வரைவு ஆகியவற்றை இணைத்துள்ளேன். கடிதத்தை நானே எழுதித் தருவது முறையல்ல. ஆகவே மேலுள்ள விவரங்கள் தங்கள் நினைவுக்கு மட்டுமே.

விண்ணப்பங்களை நவம்பர் 20 அன்று அனுப்ப எண்ணியுள்ளேன். கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு தங்களுக்கே மின்னஞ்சலில் வரலாம்; ஸ்பேம் பகுதியையும் பார்க்க வேண்டியிருக்கும். தனிப்பட்ட ஜிமெயிலை விடக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி நல்லது. தாங்கள் எந்த முகவரியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொன்னால் அதையே படிவத்தில் தருகிறேன். கடிதத்தாளில் கையொப்பமிட்டு பிடிஎஃப் ஆக்கினால் இரண்டுக்கும் பயன்படும்.

தேர்வுப் பணிகளால் நேரம் இல்லை என்றாலோ, உறுதியாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு என் வேலை இல்லை என்று தோன்றினாலோ, அக்டோபர் 25க்குள் தெரிவித்துவிடுங்கள் அம்மா. அதில் எனக்கு எந்த வருத்தமும் இராது. நேரில் வரச் சொன்னால் எந்த நாளிலும் மதியம் 2 மணிக்கு மேல் துறைக்கு வருகிறேன்.

தங்கள் மாணவி,
சு. மணிமேகலை
போச்சம்பள்ளி