பிளாக் ஃப்ரைடே: அக்டோபர் விலையிலிருந்துதான் தள்ளுபடி

நவம்பர் 27 வெள்ளிக்கிழமை காலை 10 மணி முதல் 30 திங்கட்கிழமை இரவு 11 மணி வரை, எங்கள் இணையக் கடையில்.

விலையை ஏற்றிவிட்டு அப்புறம் "பாதி விலை" என்று போடும் வேலை இங்கே கிடையாது. கோடு போட்டுக் காட்டியிருக்கும் பழைய விலை, அக்டோபர் முழுக்க சையது ஆல்வி ரோடு கடையிலும் இணையத்திலும் நாங்கள் விற்ற விலை. 9% ஜிஎஸ்டி சேர்த்துத்தான் எல்லா விலையும். 100 வெள்ளிக்குக் கீழே வாங்கினால் மட்டும் டெலிவரிக்கு 8 வெள்ளி.

750 வாட் மிக்ஸி, 3 ஜார்: ~~190~~ 152 வெள்ளி (20%). தீபாவளிக்கு 159-க்குக் கொடுத்தோம். அதைவிட 7 வெள்ளிதான் குறைவு. ஊருக்குக் கொண்டுபோகலாம், அங்கேயும் 230 வோல்ட்தான். பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். வாரண்டி சிங்கப்பூரில் மட்டும்.

2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர்: ~~260~~ 221 வெள்ளி (15%). 40 மட்டுமே இருக்கின்றன.

55 இன்ச் டிவி: ~~900~~ 765 வெள்ளி (15%). சுவரில் மாட்டித் தர 60 வெள்ளி தனி.

புளூடூத் ஹெட்ஃபோன்: ~~120~~ 84 வெள்ளி (30%). இவ்வளவு குறையக் காரணம், இது போன வருட மாடல். பெட்டி பிரிக்காத புதுசு.

கைப்பேசிகளுக்கு 5% மட்டும். எங்களுக்கே அதில் மிச்சம் குறைவு.

பிடிக்கவில்லையா?

பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் திருப்பித் தரலாம். சீல் பிரிக்காமல் இருந்தால் முழுப் பணம். பிரித்துப் பார்த்திருந்தால் 10% பிடிப்போம். அந்தப் பெட்டியை மறுபடி புதிதென்று விற்க மாட்டோம், அதனால்தான். கடைக்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. மிக்ஸியில் ஒரு தடவை தேங்காய் அரைத்துவிட்டாலோ, காதுக்குள் வைக்கும் இயர்போனைப் பிரித்துவிட்டாலோ, பழுதில்லாதவரை எடுக்க முடியாது. மன்னிக்கவும்.

பழுதாக இருந்தால்?

அது வேறு கணக்கு. மேலே சொன்ன 10% பிடித்தமோ தடையோ எதுவும் பொருந்தாது. 30 நாளுக்குள் தெரிந்தால் புதுசு மாற்றித் தருவோம், ஸ்டாக் இல்லையென்றால் முழுப் பணம். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வதும் எங்கள் செலவு. பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, ரசீது போதும். அதற்குப் பிறகு வாரண்டி இருக்கிறது, லெமன் சட்டமும் இருக்கிறது: 6 மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். கீழே போட்டு உடைத்தது இதில் சேராது.

பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில், பேநவ் என்றால் பேநவ், கார்டு என்றால் கார்டு, பொருள் எங்களிடம் வந்த 7 வேலை நாளுக்குள் திரும்பும். வவுச்சர் கொடுத்துச் சமாளிக்க மாட்டோம்.

ரசீதில் இருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஆர்டர் எண்ணையும் ஒரு படத்தையும் அனுப்புங்கள். தமிழிலேயே பேசலாம்.