முன்கூட்டியே பணம் செலுத்தும் வாடிக்கையாளர்களுக்கு 2 சதவீதத் தள்ளுபடி: விதிகளும் பில்லில் அச்சாகும் வாசகமும்

பெங்களூரு, பீன்யா
20 ஜூலை 2026

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் பட்டறையிலிருந்து போல்ட், நட், வாஷர் வாங்கும் ஹார்டுவேர் கடைகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் 2026 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் போடப்படும் பில்களில், பத்து நாள் கெடுவுக்குள் முழுப் பணத்தையும் செலுத்துவோருக்கு 2 சதவீதத் தள்ளுபடி தருகிறோம். கம்பிச் சுருளை வாங்கும்போது நாங்கள் முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. உங்களிடமிருந்து பணம் சீக்கிரம் வந்தால் வங்கியில் நாங்கள் கட்டும் வட்டி குறையும். அப்படி மிச்சமாவதில் ஒரு பங்கை உங்களுக்கே கொடுப்பதுதான் நியாயம் என்று கருதுகிறோம். தள்ளுபடியைப் பயன்படுத்திக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். வழக்கமான 30 நாள் தவணையில் எந்த மாற்றமும் இல்லை. 30ஆம் நாள் செலுத்துவோரை நாங்கள் எவ்விதத்திலும் குறைத்து மதிப்பிட மாட்டோம்.

வணிகக் கணக்கில் இத்தகைய சலுகையை "2/10, நெட் 30" என்று சுருக்கி எழுதுவது வழக்கம். அந்தச் சுருக்கத்தை எங்கள் பில்லில் போடவில்லை. சதவீதத்தை எந்தத் தொகையின்மேல் போடுவது, பத்து நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற இரண்டையும் அது சொல்வதில்லை. வாங்குபவர் ஒரு விதமாகவும் விற்பவர் வேறு விதமாகவும் கணக்குப் போட்டுவிட்டால், சில நூறு ரூபாய்க்காகப் பல வருடப் பழக்கம் கசந்துபோகும். ஆகையால் ஒவ்வொரு பில்லிலும் தள்ளுபடியை ரூபாயிலும் கெடுவைத் தேதியிலும் நாங்களே கணக்கிட்டு அச்சிடுவோம். 2026 ஆகஸ்ட் 3ஆம் தேதி, 50,000 ரூபாய் சரக்குக்குப் போடப்படும் ஒரு பில்லின் அடியில் வாசகம் இப்படி இருக்கும்:

"இந்த பில்லின் மொத்தத் தொகை ரூ. 59,000. (சரக்கின் மதிப்பு ரூ. 50,000, சிஜிஎஸ்டி 9% ரூ. 4,500, எஸ்ஜிஎஸ்டி 9% ரூ. 4,500.)

2026 ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை இரவு 12 மணிக்குள் முழுப் பணமும் எங்கள் வங்கிக் கணக்கில் வரவானால், நீங்கள் செலுத்த வேண்டியது ரூ. 58,000 மட்டுமே. சரக்கின் மதிப்பான ரூ. 50,000க்கு 2% வீதம் ரூ. 1,000 தள்ளுபடி. ஜிஎஸ்டி தொகைக்கும் வண்டி வாடகைக்கும் தள்ளுபடி இல்லை.

அந்தத் தேதிக்குப் பிறகு செலுத்தினால் முழுத் தொகையான ரூ. 59,000 செலுத்த வேண்டும். அதற்குக் கடைசி நாள் 2026 செப்டம்பர் 2, புதன்கிழமை.

உங்கள் பழைய பில் ஏதேனும் கடைசி நாளைத் தாண்டி நிலுவையில் இருந்தால் இத்தள்ளுபடி பொருந்தாது. பகுதித் தொகை செலுத்தினாலும் பொருந்தாது."

இந்த வாசகம் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகும். இரண்டிலும் தொகையும் தேதியும் ஒன்றாகவே இருக்கும். அதன் பொருளில் எந்தச் சந்தேகமும் எழக்கூடாது என்பதால் ஒவ்வொரு விதியையும் கீழே விரித்து எழுதியிருக்கிறோம். உங்கள் கணக்குப் பிள்ளையிடமும் இக்கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் சதவீதம். தள்ளுபடி சரக்கின் மதிப்புக்கு மட்டுமே, அதாவது வரி சேர்ப்பதற்கு முந்தைய தொகைக்கு மட்டுமே. மொத்தத் தொகையான 59,000க்கு 2 சதவீதம் போட்டால் 1,180 ரூபாய் வரும். அது சரியான கணக்கு அல்ல. வரியை நாங்கள் தொடாததற்குக் காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டின் சிஜிஎஸ்டி சட்டம், 15ஆம் பிரிவின்படி, சரக்கு வந்த பிறகு கொடுக்கப்படும் தள்ளுபடிக்கு ஏற்ப வரியையும் குறைக்க வேண்டுமென்றால், அந்தப் பங்குக்கு நீங்கள் எடுத்த ஐடிசியைத் திருப்பியாக வேண்டும். ஆயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக உங்கள் ஆடிட்டருக்கு ஒவ்வொரு மாதமும் அந்த வேலையைக் கொடுப்பதில் பொருளில்லை. எனவே வரித்தொகை 9,000 ரூபாயை முழுவதுமாக நாங்கள் அரசுக்குக் கட்டுகிறோம். நீங்கள் எடுக்கும் 9,000 ரூபாய் ஐடிசியும் அப்படியே இருக்கும். தள்ளுபடித் தொகைக்கு வரி சேர்க்காத கிரெடிட் நோட் ஒன்றை, பணம் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் அனுப்பிவைப்போம். உங்கள் கணக்கில் அதைப் பெற்ற தள்ளுபடி என்று வரவு வைத்துக்கொள்ளலாம்.

கிரெடிட் நோட் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கெடு தேதிக்குள் செலுத்தும்போதே 1,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 58,000 ரூபாயை அனுப்பலாம். நோட் பின்னால் வரும்.

அடுத்தது கெடு. பில் தேதிக்கு மறுநாளே முதல் நாள். அதிலிருந்து பத்தாம் நாள் கெடு முடிகிறது. சரக்கு உங்கள் கடைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. ஆனால் பில் போட்ட அன்றோ மறுநாளோ சரக்கு எங்கள் பட்டறையை விட்டுக் கிளம்பாமல் போனால், அந்தத் தாமதம் எங்களுடையது. அப்போது கிளம்பிய நாளையே பில் தேதியாகக் கொண்டு புதிய கெடுவை எழுத்தில் தெரிவிப்போம். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாகவோ வங்கி விடுமுறையாகவோ இருந்தால் கெடு அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். உதாரணமாக, ஆகஸ்ட் 5ஆம் தேதி பில்லுக்குப் பத்தாம் நாள் ஆகஸ்ட் 15, சுதந்திர தினம், மறுநாள் ஞாயிறு, எனவே அந்த பில்லில் ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை என்றே அச்சாகியிருக்கும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டும் எல்லா நாட்களிலும் இயங்குகின்றன என்றாலும், காசோலையாகக் கொடுப்போரையும் கருதி இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம்.

நாங்கள் பார்ப்பது பணம் எங்கள் கணக்கில் வரவான தேதியை. காசோலை கொடுத்தால், கொடுத்த நாள் கணக்கில்லை, பணமாகும் நாளே கணக்கு. ஆகவே கெடுவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கொடுப்பது நல்லது. நெஃப்ட் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தொகுதி தொகுதியாகப் போவதால், கடைசி நாளன்று நள்ளிரவை ஒட்டி அனுப்பினால் மறுநாள் தேதியில் வரவாகிவிடக்கூடும்; இரவு பத்து மணிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். நீங்கள் கெடுவுக்குள் அனுப்பியும் வங்கியின் கோளாறால் பணம் பிந்தி வந்திருந்தால், அனுப்பிய தேதி தெரியும் யுடிஆர் எண்ணைக் கொடுங்கள். தள்ளுபடியை மறுக்க மாட்டோம். பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் பில் எண்ணை எழுதத் தவறாதீர்கள். எண் இல்லாமல் வரும் பணத்தை உங்கள் மிகப் பழைய பில்லில் வரவு வைப்பதே எங்கள் வழக்கம். அப்படிச் செய்யும்போது புதிய பில்லின் தள்ளுபடி உங்கள் கையைவிட்டுப் போய்விடலாம்.

நிபந்தனைகளில் அதிகம் குழப்பம் தரக்கூடியது பழுதான சரக்கும் திருப்பி அனுப்பும் சரக்கும்தான். சரக்கு வந்த மூன்று நாட்களுக்குள் குறையை எழுத்தில் அல்லது வாட்ஸ்அப் படத்துடன் தெரிவியுங்கள். குறையுள்ள பகுதியை ஒதுக்கிவிட்டு, நீங்கள் ஏற்றுக்கொண்ட சரக்குக்கு மட்டும் அதே கெடு தேதிக்குள் பணம் செலுத்தினால், அந்தப் பகுதிக்கான தள்ளுபடி முழுவதும் உண்டு. இதைப் பகுதித் தொகை செலுத்தியதாகக் கருத மாட்டோம். மேலே சொன்ன பில்லில் 8,000 ரூபாய் மதிப்புள்ள போல்ட்டுகளின் மரை சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி 42,000 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 7,560 ரூபாய். மொத்தம் 49,560 ரூபாய். 42,000க்கு 2 சதவீதம் 840 ரூபாயைக் கழித்து 48,720 ரூபாய் செலுத்தினால் போதும். திரும்பி வரும் 8,000 ரூபாய்ச் சரக்குக்கு வரியுடன் சேர்த்துத் தனியாக ஒரு கிரெடிட் நோட் போடுவோம். அதற்குரிய ஐடிசியை மட்டும் நீங்கள் திருப்ப வேண்டியிருக்கும்.

பழைய நிலுவை பற்றிய விதியைக் கடுமையானதாக எண்ண வேண்டாம். கடைசி நாள் இன்னும் வராத பில்கள் எத்தனை இருந்தாலும் தடையில்லை. கடைசி நாளைத் தாண்டிய பில் இருந்தால், அதையும் புதிய பில்லையும் புதிய பில்லின் கெடுவுக்குள் சேர்த்துச் செலுத்துங்கள், தள்ளுபடி கிடைக்கும். எங்களுடன் வழக்கில் உள்ள தொகையை நிலுவையாகக் கணக்கிட மாட்டோம். சிறப்பு விலையில் கொடுத்த சரக்குக்குத் தள்ளுபடி இல்லை. அந்த பில்லில் மேற்கண்ட வாசகமே இருக்காது. ஆர்டருடன் முன்பணம் கட்டுவோருக்கும் அதே 2 சதவீதம் உண்டு. டிடிஎஸ் பிடிப்போர் பிடித்த தொகையையும் எங்களுக்குச் செலுத்தியதாகவே எடுத்துக்கொள்வோம்.

கெடு தாண்டிய பிறகு தள்ளுபடியைக் கழித்துப் பணம் வந்தால், அந்த 1,000 ரூபாய் பில்லின் பாக்கியாக நிற்கும்; செப்டம்பர் 2ஆம் தேதி வரை அதைச் செலுத்தலாம். கெடுவுக்குள் செலுத்தியிருந்தும் கணக்குப் பிழையால் 57,820 ரூபாய் அனுப்பிவிட்டால், நாங்கள் தெரிவித்த மூன்று வேலை நாட்களுக்குள் மீதி 180 ரூபாயை அனுப்புங்கள். தள்ளுபடி அப்படியே நிற்கும்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பது நியாயமே. 20 நாள் முன்பாக 58,000 ரூபாய் கட்டி 1,000 ரூபாய் மிச்சப்படுத்துகிறீர்கள். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது சுமார் 31 சதவீதத்துக்குச் சமம். வங்கி ஓவர்டிராஃப்டில் 12 சதவீத வட்டிக்கு எடுத்துக் கட்டினாலும் 20 நாளுக்கு வட்டி ஏறக்குறைய 381 ரூபாய்தான். 619 ரூபாய் உங்களுக்கு மிஞ்சும். ஆனால் வெளியில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கி எங்களுக்குக் கட்ட வேண்டாம். அப்படிப்பட்ட நிலையில் 30 நாள் தவணையே உங்களுக்கு நல்லது.

நாங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளர். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டப்படி, எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் தவணை 45 நாளைத் தாண்டக்கூடாது. எங்கள் 30 நாள் அதற்குள் அடங்குகிறது. இத்தள்ளுபடியை மாற்றவோ நிறுத்தவோ நேர்ந்தால் 30 நாள் முன்பே எழுத்தில் தெரிவிப்போம். ஏற்கெனவே போட்ட பில்களில் அச்சான தள்ளுபடியை எக்காரணத்தாலும் திரும்பப் பெற மாட்டோம்.

பில்லில் அச்சான வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்புங்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று எங்கள் பெயரில் செய்தி வந்தால், பில்லின் தலைப்பில் உள்ள எண்ணில் எங்களை அழைத்துக் கேட்காமல் அனுப்பாதீர்கள். விதிகளில் எது விளங்காவிட்டாலும் அதே எண்ணில் திங்கள் முதல் சனி வரை காலை 9.30 முதல் மாலை 6 மணி வரை கேட்கலாம். தமிழில் பதில் சொல்ல ஆள் இருப்பார்.

இப்படிக்கு,
உரிமையாளர்