முதல் செடி வாங்க வந்தவங்களுக்கு: வாசல் பலகை முதல் பில் கவுன்டர் வரை

வாசல் பலகை

முதல்முறையா செடி வாங்குறீங்களா? உள்ளே போறதுக்கு முன்னாடி எங்க ஆளிடம் மூணு விஷயம் சொல்லுங்க.

மாடியா, தரையா, பால்கனியா?
நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழும்?
வீட்டுக்கு வர்றது போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

இதைக் கேட்காம செடி கொடுத்தா அது உங்க வீட்டுல நிக்காது. வேலூர் வெயிலுக்குத் தாங்காத செடியை எவ்வளவு அழகா இருந்தாலும் கோடையில் இங்கே விற்கறதில்லை. ஏப்ரல், மே மாசத்தில் பெங்களூர் ரோஜா, அந்தூரியம், பெரணி கேட்டா "ஆடிக்கு அப்புறம் வாங்க"ன்னு திருப்பி அனுப்புவோம். கோவிச்சுக்காதீங்க.

தண்ணீர்த் தொட்டி பக்கத்துப் பலகை

செடி சாகுறதுக்கு வெயிலை மட்டும் குறை சொல்ல வேணாம். தண்ணீர் குறைஞ்சும் சாகும், கூடியும் சாகும். ரெண்டுலயும் இலை தொங்குறதாலதான் புதுசா வளர்க்கறவங்க ஏமாந்து போறாங்க.

மத்தியானம் தொங்கி, சாயந்திரம் தானா நிமிர்ந்தா அது வெயில் மயக்கம். விட்டுடுங்க.
மண் காய்ஞ்சு, இலை தொங்கி, ஓரம் மொறுமொறுன்னு ஆனா தண்ணீர் பத்தலை.
மண் ஈரமாவே இருக்கு, இலை மஞ்சளாகித் தொங்குது, தொட்டியில் புளிச்ச வாடை வருதுன்னா வேர் அழுகுது. இன்னும் தண்ணீர் விட்டா முடிஞ்சது. தொட்டியின் அடி ஓட்டை அடைச்சிருக்கான்னு ஒரு குச்சி விட்டுக் குத்திப் பாருங்க. பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

ஊத்துறதுக்கு முன்னாடி ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை மண்ணுக்குள்ளே விடுங்க. ஈரம் ஒட்டினா இன்னைக்கு வேண்டாம். காய்ஞ்சிருந்தா 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு லிட்டரில் தொடங்கி, அடியில் தண்ணீர் கசியிற வரைக்கும் மெதுவா ஊத்துங்க. தினமும் ஒரு டம்ளர் தெளிச்சா மேல் மண் மட்டும் நனையும், அடி வேர் காயும்.

கத்திரி வெயில் நாட்களில், அதாவது மே முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை, மாடித் தொட்டிக்குக் காலை 7 மணிக்குள் ஒரு தடவை, சாயந்திரம் 6-க்கு மேல் தேவைப்பட்டா இன்னொரு தடவை. குழாயைத் திறந்ததும் வர்ற முதல் தண்ணீர் மாடிப் பைப்பில் கொதிச்சுக் கிடந்தது. கையில் தொட்டுப் பார்த்து, சூடு போன பிறகு செடிக்கு விடுங்க.

போர் தண்ணீர் உபயோகிக்கறவங்க தொட்டி ஓரத்தில் வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கான்னு பாருங்க. படிஞ்சிருந்தா, மழை வரும்போது தொட்டியை நனைய விடுங்க. மழைக்காலத்தில் ஒரு டிரம் பிடிச்சு வெச்சீங்கன்னா மல்லிக்கும் ரோஜாவுக்கும் அதைவிட நல்ல மருந்து இல்லை.

மண் கலவைப் பை மேல் ஒட்டிய அட்டை, 20 கிலோ, ₹180

செம்மண் 2 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு. பைக்கு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு.

வீட்டிலேயே கலக்கறதா இருந்தா ஒன்றை மறக்காதீங்க. நார்க்கழிவுக் கட்டியை ஊற வெச்சு, தண்ணீரை மூணு தடவை மாத்திப் பிழிஞ்சு சேருங்க. அதில் இருக்கற உப்போட அப்படியே போட்டா இளம் வேர் கருகிடும். தொழு உரத்தைக் கையில் எடுத்தா சூடு தெரியக் கூடாது, சாணி வாடை வரக் கூடாது. பச்சைச் சாணம் போட்டு வேரை வேக வைக்கறவங்க நிறைய பேர்.

தொட்டியை முழுசா நிரப்பாதீங்க. மேலே இரண்டு அங்குலம் விட்டாதான் தண்ணீர் நிக்கும்.

நடும் முறை: நிழல்வலைக்குக் கீழே உள்ள பெரிய பலகை

வாங்கிய செடியை அன்னைக்கே நடாதீங்க. இங்கே நிழல்வலையில் வளர்ந்தது. வீட்டில் மூணு நாள் மர நிழலில், அப்புறம் மூணு நாள் காலை வெயிலில் வைங்க. பிறகு நடுங்க, அதுவும் சாயந்திரம்.

நடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பைக்குத் தண்ணீர் விடுங்க. தண்டைப் பிடிச்சு இழுக்காதீங்க. பிளேடால் பையின் அடியை வட்டமா வெட்டி, பக்கவாட்டில் ஒரு கோடு கீறினா கவர் தானா உரியும். மண் உருண்டையை உடைக்காதீங்க. அடியில் வேர் சுருண்டு வளையமா இருந்தா, அந்தச் சுருளை மட்டும் பிளேடால் இரண்டு இடத்தில் கீறி விடுங்க.

பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தொட்டியிலும். தண்டைச் சுத்தி மண்ணைக் குவிச்சு மேடு கட்டுறது நம்ம ஊர்ப் பழக்கம். அது தண்டை அழுக வைக்கும்.

கவனிக்க: பைக்குள்ளே இருக்கறது இறுகின செம்மண் உருண்டை, சுத்தி நீங்க போட்டது பொலபொலன்னு கலவை. தொட்டி ஓரத்தில் ஊத்தின தண்ணீர் கலவை வழியா ஓடிப்போகும், உருண்டை உள்ளே காய்ஞ்சே கிடக்கும். "தினமும் தண்ணீர் விட்டும் காய்ஞ்சு போச்சு"ன்னு வர்ற செடியைப் பிடுங்கிப் பார்த்தா இந்த உருண்டை கல்லு மாதிரி இருக்கும். முதல் இருபது நாள் தண்டுக்கு ஒரு சாண் வட்டத்துக்குள்ளே, பூவாளியில் மெதுவா ஊத்துங்க.

புதுசா நட்ட செடிக்கு ஒரு மாசம் எந்த உரமும் வேண்டாம்.

செடி அட்டைகள்

குண்டுமல்லி (பதியன்) ₹40
குறைஞ்சது 6 மணி நேரம் நேர் வெயில். நிழலில் வெச்சா கொடி மாதிரி நீளும், மொட்டு வைக்காது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை பூ. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமா வெட்டிடுங்க. மனசு வராது, ஆனா வெட்டலைன்னா அடுத்த வருஷம் பூ குறையும்.
புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச் சத்து குறை. உப்புத் தண்ணீர் வீடுகளில் சகஜம். அன்னபேதி உப்பு 5 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைச்சு சாயந்திரம் இலை மேல் தெளிங்க. தரையிலோ துணியிலோ பட்டா துருக் கறை பிடிக்கும்.

கறிவேப்பிலை ₹50
மூணடி வந்ததும் நுனியைக் கிள்ளிடுங்க. கிள்ளாம விட்டா ஒரே குச்சியா மாடிக்கு மேல் போகும், இலை பறிக்க ஏணி வேணும். இலையை உருவாதீங்க, ஈர்க்கோட கொத்தா ஒடிங்க. பூ வந்தா கிள்ளி எறியுங்க.
இலை மேல் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருந்தா, அது எச்சம் இல்லை, வண்ணத்துப்பூச்சிப் புழு. வளர்ந்தா பச்சையாகும், இரண்டு நாளில் செடியை மொட்டையடிக்கும். காலையில் கையால் எடுத்துடுங்க. மருந்து அடிச்ச இலையை ரசத்தில் போட வேண்டாமே.

எலுமிச்சை ₹90
மேல் அட்டையில் சொன்ன அதே புழு இதுக்கும் வரும். இலையில் வெள்ளிக் கோடு ஓடினா துளைப்பான், அந்த இலையைக் கிள்ளி எறியுங்க. தரையில் இரண்டரை அடி ஆழக் குழி. விதைக் கன்று, காய்க்க மூணு நாலு வருஷம். "ஆறு மாசத்தில் காய்க்கும்"னு எந்தப் பண்ணையாவது சொன்னா, காயோட நிக்கிற பதியனா, இல்லை கதையான்னு பாருங்க.

செடி முருங்கை, பி.கே.எம்.-1 ₹30
பெரியகுளம் ரகம். ஆறு மாசத்தில் காய். இரண்டரை அடியில் நுனியைக் கிள்ளினா பக்கக் கிளை வரும். தண்ணீர் தேங்கற இடத்தில் நடாதீங்க, தண்டு அழுகிச் சாயும். வீட்டுச் சுவரை விட்டு எட்டடி தள்ளி. தொட்டியில் வேண்டாம், நாங்களே விற்க மாட்டோம்.

இலவம்பாடி முள்ளு கத்திரி நாற்று, 10 நாற்று ₹20
2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம வேலூர்க் கத்திரி. காம்பிலும் இலையிலும் முள், பறிக்கும்போது கையைப் பாருங்க. 12 அங்குலப் பைக்கு ஒரே நாற்று. தரையில் இரண்டடி இடைவெளி. பத்தையும் ஒரே பையில் நடுறவங்களுக்கு இலைதான் மிச்சம்.
கொழுந்து மட்டும் வாடித் தொங்கினா அது தாகம் இல்லை, உள்ளே புழு. வாடின நுனிக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, குப்பையில் போடாம நசுக்கிடுங்க. வாரம் ஒரு தடவை வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி சாயந்திரம் தெளிங்க. சோப்பு இல்லாம எண்ணெய் தண்ணீரில் கலக்காது. உச்சி வெயிலில் அடிச்சா இலை கருகும்.

ஒட்டு மா (பங்கனப்பள்ளி, செந்தூரா, கிளிமூக்கு) ₹150
தண்டில் முடிச்சு மாதிரி தெரியுதே, அதுதான் ஒட்டு. அது மண்ணுக்கு மேல் அரை அடியாவது தெரியணும். முடிச்சில் சுத்தின பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தா இங்கேயே அறுத்துத் தரச் சொல்லுங்க, மறந்தா தண்டை நெரிக்கும். முடிச்சுக்குக் கீழே துளிர் வந்தா உடனே கிள்ளுங்க. அது காட்டு மா, விட்டா அதுதான் வளரும், மேலே இருக்கிற நல்ல ரகம் சாகும்.
மூணடிக்கு மூணடி குழி, மூணடி ஆழம். ஆடியிலிருந்து கார்த்திகைக்குள் நடுங்க. முதல் இரண்டு மூணு வருஷம் பூவைக் கிள்ளிடணும்.

ஒட்டு ரோஜா ₹60
மாவுக்குச் சொன்ன ஒட்டு விதி இதுக்கும். பூ வாடினதும் இரண்டு இலைக்குக் கீழே வெட்டுங்க. குச்சி நுனியிலிருந்து கருத்துக்கிட்டே இறங்கினா, பச்சை தெரியிற இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவுங்க.

செம்பருத்தி ₹35
கொழுந்தில் பஞ்சு மாதிரி வெள்ளை இருந்தா மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரைப் பீச்சி அடிங்க, அப்புறம் மேலே சொன்ன வேப்பெண்ணெய். எறும்பு ஏறுதான்னும் பாருங்க, எறும்புதான் இதைச் சுமந்து போகும்.

துளசி ₹15
பூங்கதிரைக் கிள்ளிக்கிட்டே இருங்க. மாடத்தில் தினமும் செம்பு செம்பா ஊத்தறதால்தான் பெரும்பாலான துளசி போகுது. மாடத்துக்கு அடியில் ஓட்டை இருக்கான்னு பாருங்க.

பில் கவுன்டர் பலகை

ஒட்டுச் செடி 10 நாளில் பட்டுப்போனா பையோட, மண்ணோட கொண்டு வாங்க. எங்க தப்புன்னா வேற செடி. பிடுங்கின குச்சியை மட்டும் கொண்டு வந்தா காரணம் தெரியாது, மாத்த முடியாது. கத்திரி, தக்காளி, மிளகாய் நாற்றுக்கு மாற்றுக் கிடையாது.

பைக்கில் கொண்டு போறவங்க செடியைக் காத்தில் நிமிர்த்திப் பிடிக்க வேணாம். காட்பாடி மேம்பாலம் தாண்டறதுக்குள்ளே கொழுந்து கிழிஞ்சிடும். பழைய நாளிதழால் சுத்திக் கட்டித் தர்றோம், கேளுங்க, காசு கிடையாது.

உடையாத காலித் தொட்டி திருப்பித் தந்தா ஒண்ணுக்கு ₹2 கழிவு.