மடை திறக்கும் முன்

துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, சீனியர்களே, பின்வரிசையில் சார்ஜர் பாயின்ட் தேடிக்கொண்டிருக்கும் எங்கள் மூன்றாமாண்டு நண்பர்களே, வணக்கம்.

போன மாதம் சிவகங்கை பக்கம் ஒரு கண்மாய்க்கு நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். கரையில் நின்று பார்த்தால், தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய மடை அது, குமிழித் தூம்பு. அதைத் திறக்க வேண்டும் என்றால் நீந்திப் போக வேண்டும். தூணைப் பிடித்தபடி உள்ளே முங்கி, அடியில் இருக்கும் அடைப்புக் கல்லை அசைத்து எடுக்க வேண்டும். கல் வந்ததும் தண்ணீர் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில் சிக்காமல் மேலே வர வேண்டும்.

இத்தனை வருடமாக அதைச் செய்துவருபவரிடம், "ஐயா, எவ்வளவு நேரம் மூச்சடக்குவீங்க?" என்று கேட்டேன். செகண்டு கணக்கில் ஏதாவது சொல்வார் என்று பேனாவும் கையுமாக நின்றேன்.

"கல்லு வர்ற வரைக்கும்" என்றார்.

அவர்தான் இன்று நம் விருந்தினர். நீர்க்கட்டி கருப்பையா அவர்கள். 41 வருடமாக அந்தக் கண்மாயின் நீர்க்கட்டி. அவருக்கு முன் அவருடைய அப்பா, அதற்கு முன் தாத்தா. இரண்டு மடை, ஒரு கலுங்கு, 212 ஏக்கர் ஆயக்கட்டு. யாருடைய வயலுக்கு எந்த நாள், எந்த நேரம் தண்ணீர் என்பது அவர் சொல்வதுதான். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் வேலை சுலபம். பாதி நிறைந்த வருடத்தில்தான் சிக்கல். அப்போது முறை வைத்துப் பாய்ச்சுவார். நடுராத்திரி முறையென்றால் டார்ச்சோடு வரப்பில் நிற்பார். கணக்கு நோட்டு கிடையாது. மடைப் படியில் எத்தனை வெளியே தெரிகிறது என்று பார்த்தே, அறுவடை வரை தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவார். கூலி, அறுவடை முடிந்ததும் களத்தில் அளக்கும் நெல்.

இன்னொன்று. அந்த 212 ஏக்கரில் அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கூடக் கிடையாது. "நமக்கும் ஒரு வயலு இருந்தா, மத்தவன் எப்படிய்யா நம்புவான்?" என்கிறார்.

நமக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று யாராவது யோசித்தால், போன செமஸ்டரில் நம்மைப் படுத்திய வண்டல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழித் தூம்பில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளைகள். மேல் துளையில் தண்ணீர் இறங்கும்போதே, அடியில் படிந்த சேற்றையும் கீழ்த் துளைகள் வழியாக இழுத்துக்கொண்டு போய்விடும். மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. பாண்டிய நாட்டில் பழைய தூம்புத் தூண்கள் பலவற்றில் கல்வெட்டே இருக்கிறது. வெட்டிக் கொடுத்தவர் பெயரைப் படிக்கலாம். டிசைன் செய்தவர் எந்தக் காலேஜ் என்றுதான் தெரியவில்லை.

அதே கண்மாயில் புது மடை ஒன்றும் உண்டு, இரும்புத் திருகு ஷட்டர் வைத்தது. நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து திருகிப் பார்த்தோம். துருப்பிடித்து இறுகிப்போய், இம்மியும் நகரவில்லை. பழைய தூம்பு இன்னும் திறக்கிறது. ஏன் என்று நாங்கள் கேட்டபோது, ஐயா சிரித்துவிட்டு, "காலேஜுக்கு வந்து சொல்றேன்" என்றார். அந்தக் கடனை வசூலிக்கத்தான் இன்று அழைத்திருக்கிறோம்.

பொன்னாடை போர்த்தலாம் என்று நினைத்தோம். "அது எதுக்கு, துண்டு குடுங்க, தலை துவட்டவாவது ஆகும்" என்றார். ஆகவே துறைத் தலைவர் அவர்கள் இப்போது ஐயாவுக்குத் துண்டு அணிவிப்பார்கள். பவர்பாயின்ட் இல்லை. போடியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சட்டையில் மாட்டும் மைக் தயாராக இருக்கிறது. சுமார் 40 நிமிடம் பேசுவார். கேள்விகள் பேச்சு முடிந்த பிறகு; ஆனால் சொல்லும் வார்த்தை ஏதாவது புரியாவிட்டால் உடனே கையைத் தூக்குங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். செல்போனை சைலன்ட்டில் போட்டுவிடுங்கள்.

மேடை நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறதே, அது நம் இறுதியாண்டு மாணவர்கள் செய்த குமிழித் தூம்பு மாடல். காலையிலேயே தண்ணீர் நிரப்பி, அடியில் கண்மாய் வண்டலும் போட்டுவிட்டோம். அடைப்பு போட்டது போட்டபடி இருக்கிறது. நாங்கள் யாரும் தொடவில்லை.

ஐயா, வாங்க. திறந்து விடுங்க.